வியாழன் 11 மணிக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது?

*பெங்களூரு வைட்ஃபீல்டில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி 11ஆம் தேதி வியாழன் காலை 11 மணிக்கு நேரில் இன்டர்வியூவுக்கு அழைத்திருக்கிறது. அதே நேரத்தில் எங்கள் கிளையன்ட்டுக்கு நான்தான் டெமோ காட்ட வேண்டும். வேறு நாள் கேட்டால் ஆர்வமில்லை என்று நினைப்பார்களோ?*
*- வாசகி, வைட்ஃபீல்டு*

நினைக்க மாட்டார்கள், இன்றைக்கே கேட்டால். புதன் ராத்திரி கேட்டால்தான் சிக்கல். உங்களைப் பேட்டி எடுக்க இரண்டு மூன்று பேர் தங்கள் வேலையை ஒதுக்கி வைத்து அந்த ஒரு மணி நேரத்தை வைத்திருப்பார்கள். அவர்களை மறுபடி ஒரே நேரத்தில் சேர்ப்பது ஹெச்ஆரின் தலைவலி. அதைக் குறைத்துக் கொடுங்கள், போதும்.

காலண்டர் அழைப்பில் Decline-ஐ மட்டும் அழுத்திவிட்டு உட்காராதீர்கள். காரணம் தெரியாததால் நீங்கள் விலகிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். Propose a new time என்பதிலும் ஒரே ஒரு நேரத்தைத்தான் சொல்ல முடியும். இன்டர்வியூ ஏற்பாடு செய்தவருக்கு, அவர் அனுப்பிய அதே மெயிலிலேயே பதில் போடுங்கள். புது மெயிலாக அனுப்பினால் எந்த வேலைக்கு, எந்தச் சுற்றுக்கு என்று அவர் தேட வேண்டியிருக்கும். அனுப்பிவிட்டு ஒரு போனும் போடுங்கள். உங்கள் சொந்த மெயிலிலிருந்து, சொந்த போனிலிருந்து. ஆபீஸ் லேப்டாப் வேண்டாம்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "11ஆம் தேதி வியாழன் காலை 11 மணிக்கு, தள்ளிப்போட முடியாத ஒரு அலுவலகப் பொறுப்பு இருக்கிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும். 12ஆம் தேதி வெள்ளி மதியம் 2 முதல் 5 வரை, 15ஆம் தேதி திங்கள் காலை 11 முதல் 1 வரை, 16ஆம் தேதி செவ்வாய் மதியம் 2-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் நேரில் வர முடியும். உங்களுக்கு எது வசதி?" கிளையன்ட் பெயரையோ டெமோ விவரத்தையோ சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இப்போது வேலை பார்க்கும் இடத்து ரகசியம் அது.

"எப்போது வேண்டுமானாலும் ஓகே" என்று பணிவாக எழுதத் தோன்றும். அது பணிவில்லை, தேடும் வேலையை அவர் தலையில் கட்டுவது. நேரத்தைக் குறிப்பிடும்போது வைட்ஃபீல்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மெட்ரோவில் போனாலும் மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாற வேண்டும். ரோட்டில் சில்க் போர்டு பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். காலை 9 மணி என்று எழுதிவிட்டு அன்றைக்குத் தாமதமாகப் போனால் முதல் கோரிக்கையும் சேர்ந்து உறுத்தும். அப்புறம், நீங்கள் கொடுத்த மூன்று நேரங்களையும் பதில் வரும்வரை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். இரண்டாவது முறை மாற்றிக் கேட்டால் அவர்கள் முகம் மாறும்.

சில கம்பெனிகள் ஒரே நாளில் பலரைக் கூப்பிட்டு முடித்துவிடும். அங்கே நாள் மாறாது. அப்படிச் சொன்னால், அதே வியாழன் மாலை 5-க்கு மேல் வீடியோவில் முதல் சுற்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், டெமோவை உங்கள் டீமில் யாராவது காட்ட முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.