82.5 வீதமும் ஒளித்து வைத்த மாத்திரையும்

கேள்வி: தோட்டத்துக் கர்ப்பிணிகள் 160 பேரிடம் கிளினிக்கில் கேள்விக்கொத்து நிரப்பினோம். 132 பேர் இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் போடுவதாகச் சொன்னார்கள். அந்த 160 பேருக்குள் 14 பேரை லயத்தில் போய்ச் சந்தித்தால், பாதிப்பேர் மாத்திரையை ஒளித்து வைப்பதாகச் சொல்கிறார்கள். ஆய்வறிக்கையின் கலந்துரையாடல் பகுதியில் ரெண்டையும் எழுதியிருக்கிறேன். 'இன்டகிரேட் பண்ணல' என்று மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். எப்படிச் சேர்ப்பது?

பதில்: முதலில் கணக்கெடுப்பு, பிறகு நேர்காணல் என்று இரண்டு பகுதியாக எழுதியிருப்பீர்கள். லயத்துக் காம்பராவில்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். உங்கள் இரண்டு பகுதிக்கும் அந்த வசதியும் இல்லை. பிழை முழுக்க உங்களுடையதும் அல்ல. நான்காம் அத்தியாயம் எண், ஐந்தாம் அத்தியாயம் சொல் என்று படிவம் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறாம் அத்தியாயத்தில் 'சேர்க்கவில்லையே' என்று கேட்கிற முறை இது. புள்ளிவிபரம் பார்ப்பவரும் சமூகவியல் பார்ப்பவரும் ஒருநாளும் ஒரே மேசையில் இருந்து உங்கள் தாளை வாசிப்பதில்லை.

கலந்துரையாடலை முறையிலிருந்து தொடங்காமல் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதலாவதில் எண். இரண்டாவதில் அதே விஷயம் பற்றிப் பெண்கள் சொன்னது. மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள உறவு: ஒத்துப்போகிறதா, ஒன்று மற்றதை விரிக்கிறதா, முரண்படுகிறதா. நான்காவதில், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மட்டுமே சொல்ல முடிகிற முடிவு. இதைத்தான் ஜாயின்ட் டிஸ்பிளே என்பார்கள். நான்காவது கட்டம் வெறுமையாக இருந்தால் அங்கே சேர்க்கை நடக்கவில்லை.

உங்களுக்கு இருப்பது முரண். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த 14 பேரின் கேள்விக்கொத்துத் தாளையும் எடுத்து வைத்து, கிளினிக்கில் என்ன குறித்தார்கள் என்று பாருங்கள். 11 பேர் 'தினமும்' என்று குறித்திருக்க, அந்த 11 பேரில் 6 பேர் லயத்தில் வேறு கதை சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் கேட்டது யார்? மாத்திரை கொடுக்கிற மருத்துவமாது பக்கத்தில் நின்றாரா? கேள்வி 'கடந்த வாரம்' என்றிருந்ததா, பொதுவாகவா? முரணின் வேர் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கும்.

பிறகு இப்படி எழுதலாம்: "தினமும் போடுவதாகக் கிளினிக்கில் சொன்னவர்கள் 82.5 வீதம். அப்படிச் சொல்லி, பின் வீட்டில் பேசிய 11 பேரில் 6 பேர் வேலை நாளில் மாத்திரையைத் தவிர்ப்பதாக விவரித்தனர். பெரட்டுக்கு முன் வெறும் வயிற்றில் போட்டால் மலையில் குமட்டுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகவே 82.5 வீதத்தை உண்மையான பாவனையின் மேல் எல்லையாகவே வாசிக்கிறோம்." எண்ணுக்குச் சொல் பொருள் கொடுக்கிறது, சொல்லுக்கு எண் இடம் காட்டுகிறது. ஆனால் பதினொன்றில் ஆறு என்றால் 55 வீதம், ஆகவே 132 பேரில் 72 பேர் பொய் என்று பெருக்கிவிடாதீர்கள். அந்த 14 பேரை நீங்கள் தேடித் தெரிவுசெய்தீர்கள், குலுக்கி எடுக்கவில்லை.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்கொத்தில் பெயரோ இலக்கமோ இல்லை என்றால், 14 பேரின் தாளைத் தேட வேண்டாம். வயது, டிவிஷன், எத்தனையாவது பிள்ளை என்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். சின்னத் தோட்டத்தில் அது முடியும். முடியும் என்பதுதான் ஆபத்து. பெயர் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களிடம் பதில் வாங்கினீர்கள். அப்படிப்பட்ட தாள்களில் ஆளோடு ஆளை ஒப்பிட முடியாது. குழுவோடு குழுவைத்தான் ஒப்பிடலாம். 'இதே பெண்கள் பதிலை மாற்றினார்கள்' என்று எழுதாமல், 'இரண்டு இடத்தில் இரண்டு விதமான பதில் கிடைத்தது' என்று எழுதி, காரணத்தை ஊகமாகவே விடுங்கள்.

இன்னொன்று. டவுனில் போட்டோகொப்பிக் கடைக்குப் பக்கத்தில் 'டேட்டா அனலிசிஸ் செய்து தரப்படும்' என்று போர்ட் தொங்கும். காசை வாங்கிக்கொண்டு, எல்லார் தாளிலும் ஒரே வசனத்தை ஒட்டுவார்கள்: 'பண்புசார் முடிவுகள் அளவுசார் முடிவுகளை உறுதிப்படுத்தின.' அந்த வசனத்தோடு என்னிடம் வந்த ஒரு தாளில், நேர்காணலில் பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. பொருத்தமான இரண்டு மேற்கோளைப் பொறுக்கி எடுத்து, மற்றதை விட்டிருந்தார்கள். உங்கள் முரண் அவர்கள் கைக்குப் போனால் முதலில் காணாமல் போவது அந்த 6 பேர்தான்.

கடைசியாக, நேர்காணல் தந்த துப்பை வைத்து எண்ணுக்குத் திரும்புங்கள். கொழுந்தெடுக்கப் போகிறவர்களையும் வேலையை நிறுத்தியவர்களையும் பிரித்து, 'தினமும்' என்றவர்கள் எந்தப் பக்கம் குறைவு என்று எண்ணிப் பாருங்கள். அந்த அட்டவணை பெறுபேறுகள் பகுதியில் வர வேண்டும், கலந்துரையாடலில் திடீரென்று முளைக்கக் கூடாது. நேர்காணலுக்குப் பிறகு யோசித்துச் செய்த பகுப்பாய்வு இது என்பதையும் அங்கேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.