கையெழுத்துக்கு முன் பன்னிரண்டு வரிகள்

"அண்ணா, வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பழைய கார் ஒன்றைக் கடனில் வாங்கப் போகிறேன். கடன் பத்தாயிரம், 12 மாதம், வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 933.33 என்கிறார்கள். கணக்கு சரியா என்று நானே எப்படிப் பார்ப்பது? எக்செல்லில் கூட்டல் கழித்தல்தான் தெரியும். எந்தக் கார் நல்லது, இன்சூரன்ஸ் எப்படி என்றும் சொல்லுங்கள்."

தம்பி, காரைப் பற்றியும் இன்சூரன்ஸ் பற்றியும் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள். அந்த 933.33-ஐப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நான் வந்த வருடம் எனக்கும் இதே மாதிரிதான் ஒரு தாளை நீட்டினார்கள். நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லையே, அதுவரை நல்லது.

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். கடன் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு மாதத்தின் கதை. மாதத் தொடக்கத்தில் எவ்வளவு பாக்கி, அதற்கு அந்த மாத வட்டி எவ்வளவு, தவணையில் வட்டி போக அசலுக்குப் போனது எவ்வளவு, கடைசியில் பாக்கி எவ்வளவு. இந்த வரியின் கடைசிப் பாக்கிதான் அடுத்த வரியின் தொடக்கப் பாக்கி. இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

B1-இல் கடன் 10000, B2-இல் வட்டி 12%, B3-இல் தவணை 933.33 என்று எழுது. ஐந்தாவது வரியில் தலைப்புகள் போடு: மாதம், தொடக்கப் பாக்கி, வட்டி, அசல், கடைசிப் பாக்கி. அப்புறம் ஆறாவது வரி:

```
A6: 1
B6: =B1
C6: =ROUND(B6*$B$2/12,2)
D6: =$B$3-C6
E6: =B6-D6
```

ஏழாவது வரியில் இரண்டு இடம்தான் மாறும்:

```
A7: =A6+1
B7: =E6
```

C6 முதல் E6 வரை உள்ளதை ஏழாவது வரிக்கு நகலெடு. பிறகு ஏழாவது வரி முழுவதையும் பதினேழாவது வரி வரை கீழே இழு. பன்னிரண்டு மாதமும் வந்துவிடும்.

நிறையப் பேர் தடுக்கி விழுவது அந்த டாலர் குறியில்தான். கீழே இழுத்தாலும் B2 அசையக் கூடாது என்பதற்காகத்தான் அது. அதை விட்டுவிட்டால் இரண்டாம் மாதத்தில் பாக்கியை வட்டி விகிதத்தால் பெருக்காமல் தவணையால் பெருக்கிவிடும், வட்டி ஏழு லட்சத்தைத் தாண்டி நிற்கும். இன்னொன்று, B2-இல் சதவீதக் குறி இல்லாமல் வெறும் 12 என்று அடித்துவிடுவது. அப்போது முதல் மாத வட்டியே பத்தாயிரம் என்று வரும். முதல் வரியில் வட்டி 100, அசல் 833.33, பாக்கி 9166.67 என்று வந்தால் நீ சரியாகப் போட்டிருக்கிறாய். இரண்டாம் வரியில் வட்டி 91.67 என்று இறங்கியிருக்க வேண்டும்.

இப்போது கீழே போய்ப் பார். பன்னிரண்டாம் மாதத் தொடக்கத்தில் பாக்கி 361.01 மட்டுமே இருக்கும். அதற்கு வட்டி 3.61. அதாவது 364.62 கட்டினால் கடன் தீர்ந்தது. ஆனால் உன்னிடம் கேட்பது முழுத் தவணை, 933.33. E17-இல் -568.71 என்று நிற்கும். உண்மையிலேயே 12 சதவீதம் என்றால் அந்த இடத்தில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும், ரவுண்டு செய்வதால் ஒன்றிரண்டு காசு முன்பின் இருக்கலாம். ஐந்நூற்று அறுபத்தெட்டு என்பது ரவுண்டு செய்த வித்தியாசம் இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்றால், அவர்கள் சொன்னது ஃபிளாட் வட்டி. பத்தாயிரத்துக்கு ஒரு வருட வட்டி 1200. அதை அசலோடு கூட்டி 11200, பன்னிரண்டால் வகுத்தால் 933.33. நீ மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும், கடைசி நாள் வரை முழுப் பத்தாயிரமும் உன் கையில் இருப்பது போலவே வட்டி போட்டிருக்கிறார்கள்.

சரி, உண்மையான வட்டி எவ்வளவு? அதையும் இதே அட்டவணையில் பார்க்கலாம். B2-ஐ மட்டும் மாற்றிக்கொண்டே E17-ஐக் கவனி. 18% போட்டால் இன்னும் மைனஸ் 215 பக்கம். 21% போட்டால் மைனஸ் 29 அளவு. 22% போட்டால் பிளஸ் 34-ஐத் தாண்டும். ஆக நடுவில் எங்கோ இருக்கிறது. 21.46% போட்டால் ஒன்றுக்கும் கீழே வந்து நிற்கும். அதுதான் நீ கட்டப்போகும் வட்டி.

நேர்மையான 12 சதவீதத்துக்குத் தவணை எவ்வளவு என்று தெரிய வேண்டுமா, B2-ஐ 12%-க்குத் திருப்பிவிட்டு இந்த முறை B3-ஐ மாற்று. 900 போட்டால் மைனஸ், 880 போட்டால் பிளஸ். இப்படியே நெருங்கினால் 888.49-இல் E17 -0.02 ஆகும். மொத்த வட்டி 661.86 தான், 1200 இல்லை. 21.46%, 888.49 என்ற இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ.

செயலாக்கக் கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார்கள் என்றால், B3-ஐ 933.33-க்குத் திருப்பிவிட்டு, B1-இல் உன் கைக்கு வந்த தொகையைப் போட்டு, E17 பூஜ்யத்தை நெருங்கும் வரை B2-ஐ மறுபடி மாற்றிப் பார், விகிதம் இன்னும் ஏறும். நாள் கணக்கில் வட்டி போடுகிற இடங்களில் 31 நாள் மாதத்துக்கும் 28 நாள் மாதத்துக்கும் வட்டி சற்று மாறும். அப்போது உன் அட்டவணையும் அவர்களுடையதும் சில காசு விலகினால் பதற வேண்டாம். ஒப்பந்தத்தில் இன்னொரு பத்தியை மட்டும் தவறாமல் படி: கடனை இடையிலேயே அடைத்தால் மீதியை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது. ஃபிளாட் வட்டிக் கடனில் உன் அட்டவணை சொல்லும் பாக்கியை அவர்கள் ஏற்க வேண்டும் என்று இல்லை.

எனக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. இருந்தார்கள், ஆனால் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பல வருடம் வந்து நிலைத்த ஒருவர்தான் அந்த இடத்துக்கு அழைத்துப் போனார். "தவணை கைக்கு அடக்கமா இருக்கா, அவ்வளவுதான் பாக்கணும்" என்றார். நம் ஆட்களில் இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. வந்தவனிடம் தவணையைச் சொல்வார்கள், விகிதத்தைச் சொல்ல மாட்டார்கள். கேள்வி கேட்டால் அவரை நம்பவில்லை என்று முகம் சுண்டிவிடும். அந்த முகத்துக்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று தவணை கட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, நோட்டில் கோடு போட்டு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு வரிவரியாக எழுதினேன். அப்போது என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. கடைசி வரி மைனஸில் போனதும் எங்கோ தப்பாகக் கழித்துவிட்டேன் என்று நினைத்து முதலிலிருந்து இன்னொரு தடவை எழுதினேன். அப்புறம் மூன்றாவது தடவை. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பன்னிரண்டையும் கட்டித் தீர்த்தேன். அதற்குப் பிறகு வீட்டுக் கடன் வரைக்கும் அட்டவணை போடாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இத்தனை வருடத்தில் இங்கே நானாகப் பழகிக்கொண்டவற்றில் எனக்குப் பெருமையானது இதுதான்.

அறையில் என்னோடு இருந்த பையன் அடுத்த வருடம் வண்டி எடுக்கப் போனபோது, அந்த நோட்டை அவன் முன்னால் திறந்து வைத்தேன். அவன் தன் எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதினான். ஏழாவது மாதத்தில் பேனா தீர்ந்து போய், மீதி ஐந்து வரியை பென்சிலில் முடித்தான். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.