டெய்லர் கடைக்கு பிஃபோர் ஆஃப்டர் போட்டோ போடுற பொண்ணோட அம்மாவுக்கு

அக்கா, பொண்ணு டிகிரி முடிச்சுட்டு தெருமுனை டெய்லர் கடைக்கு போட்டோ எடிட் பண்ணிட்டு இருக்கா, இதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டிருந்தீங்க. வேலைதான். ஆனா அவ அனுப்பின நாலு ஜோடி போட்டோவ பார்த்தேன், அதுல ஒண்ண அப்படியே எடுத்துட்டு எந்த கம்பெனிக்கு போனாலும் முதல் நிமிஷத்துலயே கேள்வி வரும், அதனால அத மட்டும் விரிவா சொல்றேன், அவளையும் படிக்க சொல்லுங்க.

மெரூன் பட்டு பிளவுஸ், அக்குள் பக்கம் சுருக்கம் விழுதுன்னு ஆல்டரேஷனுக்கு வந்தது. பிஃபோர்ல கஸ்டமர் கைய தொங்கப் போட்டு, தோள கொஞ்சம் குறுக்கிட்டு நிக்கிறாங்க. ஆஃப்டர்ல இடுப்புல கை வச்சு நிமிர்ந்து நிக்கிறாங்க. கை நிலை மாறினாலே துணி வேற மாதிரி இழுபடும் அக்கா, பழைய சுருக்கம் தெரியவே தெரியாது, அப்ப டெய்லர் பிரிச்சுத் தச்சதுனால போச்சா இல்ல போஸ்னால போச்சான்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு மேல எடிட்ல வேற இடுப்ப உள்ள தள்ளியிருக்கா. எப்படி கண்டுபிடிச்சேன்னா பின்னாடி இருக்குற கதவு நிலை இடுப்புக்கு நேரா மட்டும் லேசா வளைஞ்சிருக்கு, பிளவுஸ் ஓரத்துல இருக்குற ஜரிகை பார்டரும் அந்த இடத்துல மட்டும் மெலிஞ்சிருக்கு. கடைக்காரர் கவனிக்க மாட்டார், ஆனா கேட்லாக் வேலை பாக்குறவங்க முதல்ல பாக்குறதே இந்த நேர்கோடுகளத்தான்.

திரும்ப எடுக்க சொல்லுங்க, செலவே இல்ல. கஸ்டமர் நிக்கிற இடத்துல தரையில ஒரு டேப், போன் நிக்கிற இடத்துல இன்னொரு டேப், நடுவுல ஏழெட்டு அடி இருக்கட்டும். கிட்டப் போய் எடுத்தா லென்ஸே உடம்ப அகலமாவோ ஒல்லியாவோ காட்டும், அதனால தள்ளி நின்னு 2x ஜூம்ல எடுக்கணும். போன் நெஞ்சு உயரத்துல ஸ்டாண்ட்ல இருக்கணும், மேல இருந்து எடுத்தா ஒரு மாதிரி கீழ இருந்து எடுத்தா இன்னொரு மாதிரி. பியூட்டி மோட் ஆஃப். ஜன்னல் வெளிச்சம்னா ரெண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே நேரம், கடை லைட்டுன்னா ரெண்டு தடவையும் கடை லைட்டு. பட்டு கலர் இதுல ரொம்ப ஏமாத்தும், மஞ்ச லைட்டுல மெரூன் செங்கல் கலரா போயிடும், அதனால ஃபிரேம் ஓரத்துல ஒரு வெள்ளை பேப்பர் வச்சு எடுத்துட்டு அப்புறமா க்ராப் பண்ணிக்கலாம், கலர சரி பண்ண அந்த பேப்பர்தான் அளவு. போஸும் ரெண்டுலயும் அதே, நேரா நின்னு கை தொங்கணும், முடிஞ்சா கைய முன்னாடி நீட்டி இன்னொரு ஜோடி, ஏன்னா பிளவுஸ் சரியா தச்சிருக்கான்னு நிஜமா தெரியுறது கை அசைக்கும்போதுதான்.

எடிட்டுக்கு ஒரே விதி போதும், ஒரு போட்டோக்கு பண்ணினத அப்படியே இன்னொண்ணுக்கும் பண்ணணும். Lightroom-ல பிஃபோர்ல வெளிச்சம், கலர் செட் பண்ணிட்டு Copy Settings குடுத்து ஆஃப்டர்ல Paste Settings பண்ணிட்டா முடிஞ்சது. சாக் கோடு, ஒட்டியிருக்குற நூல் இதெல்லாம் அழிச்சுக்கலாம், அது துணியோட குறை இல்லையே. தையல் ஓரத்துல நிக்கிற சுருக்கத்த அழிக்கக் கூடாது, அதுதான் அங்க விக்கிற வேலையே. இந்த பிளவுஸ்லயே பாருங்க, ஆல்டரேஷனுக்கு அப்புறமும் இடது கைக்குழில சின்னதா ஒரு இழுப்பு இருக்கு, முதல்லயே கம்மியா வெட்டின துணி, உள்ள விட்ட தையல் இடமும் கொஞ்சந்தான், அவ்ளோதான் பிரிக்க முடியும். அத அப்படியே விட்டு கீழ 'உள்ள அரை இஞ்ச் துணி இருந்தது, அத பிரிச்சு விட்டோம்'னு எழுதட்டும், அளவு மட்டும் டெய்லர்கிட்டயே கேட்டு போடணும். அந்த மாதிரி போட்டோ பார்த்து வர்ற கஸ்டமர், துணியே இல்லாத பிளவுஸ கொண்டு வந்து இதே மாதிரி ஆக்குங்கன்னு சண்ட போட மாட்டாங்க. எடிட் பண்ணின இடுப்ப பார்த்து வர்றவங்க போடுவாங்க, திட்டு வாங்குறது டெய்லர், அடுத்த மாசம் வேலை போறது உங்க பொண்ணுக்கு.

கடைக்காரர் 'கொஞ்சம் ஸ்லிம்மா காட்டும்மா'ன்னு கேப்பார், கேக்காம இருக்க மாட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறா வழிநடத்துற விளம்பரம்னு தனியாவே சொல்லியிருக்கு, சேவைக்கும் அது பொருந்தும், ஆனா அவர்கிட்ட சட்டம் பேசினா எரிச்சல்தான் வரும். 'அண்ணே, ஒல்லியா காட்டினா டயட் சென்டர் விளம்பரம் மாதிரி ஆயிடும், தையல் எங்க தெரியும்?'னு கேட்டா சிரிச்சுட்டு விட்டுடுவார். கஸ்டமர் முகம் வேண்டாம், கழுத்துக்குக் கீழ க்ராப் பண்ணிட்டா போதும், அப்பவும் வாட்ஸ்அப்ல ஒரு சம்மதம் எழுத்துல வாங்கி வச்சுக்கணும்.

இன்டர்வியூக்கு நாலு ஜோடியும் வேண்டாம் அக்கா, இந்த ஒரு பிளவுஸ திரும்ப எடுத்தது போதும். போன்ல இருந்து வந்த ஒரிஜினல் ரெண்டு ஃபைலையும் அழிக்காம தனி ஃபோல்டர்ல போட்டு கூட எடுத்துட்டு போகட்டும், ஆன்லைன் துணிக் கடைகளுக்கு கேட்லாக் பண்றவங்க எடிட்டுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு கேட்டா உடனே காட்டலாம்.