அப்பா எழுதியது தானமா, உயிலா?

கேள்வி: அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே தன் 9 மா நஞ்சையைத் தம்பி பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கடைசிவரை அவர்தான் சாகுபடி பார்த்தார், நெல் பணமும் அவருக்குத்தான். அப்படியென்றால் இது உயில் மாதிரிதானே? நானும் அக்காவும் ரத்து செய்ய முடியுமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். தலைப்பை விடுங்கள், உள்ளே உரிமை எப்போது கைமாறுகிறது என்று பாருங்கள். ‘இன்று முதல் நீயே அடைந்துகொள்ள வேண்டியது, என் ஆயுள்வரை நான் அனுபவித்து வருவேன்’ என்று இருந்தால் அது தானம். அன்றைக்கே நிலம் தம்பியுடையதாகிவிட்டது, அப்பா வைத்துக்கொண்டது அனுபவ பாத்தியதை மட்டும். குறுவையும் தாளடியும் அவரே அறுத்து விற்றதால் தானம் கெடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. ‘என் காலத்துக்குப் பிறகு அடைய வேண்டியது, அதுவரை எனக்கே சகல உரிமையும்’ என்று இருந்தால், பெயர் என்னவானாலும் அது உயில்தான். உயிலை அவர் சாகும்வரை எத்தனை முறையும் மாற்றியிருக்கலாம். பின்னால் வேறு உயில் எழுதியிருந்தால் அதுதான் நிற்கும்.

தானத்தை அப்படி நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. எழுதிக்கொடுத்த அப்பாவுக்கே அது கடினம். மகன் கவனிக்கவில்லை என்றால் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்திருக்கலாம், ஆனால் அது அவர் உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டியது. நீங்கள் இருவரும் போய் ரத்துப் பத்திரம் எழுதினால் அது செல்லாது. அந்தச் செலவைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாரிசுகளுக்கு உள்ள வழி சிவில் வழக்கு. ‘பெண்களுக்குப் பங்கு வைக்கவில்லை’ என்ற மனவருத்தம் மட்டும் அங்கே நிற்காது. வருத்தம் நியாயமானதுதான், ஆனாலும் நிற்காது. அப்பா படுத்த படுக்கையில் இருந்தபோது கைநாட்டு வாங்கினார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை என்பது போன்ற ஏமாற்று, வற்புறுத்தல் இருந்தால் பேசலாம். அந்தத் தேதிகளின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். பத்திரத்தின் சாட்சிகள் இருவர் யார் என்றும் பாருங்கள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, மூலப்பத்திரம். நிலம் உண்மையிலேயே பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து என்றால் அப்பா தனியாகத் தானம் கொடுத்திருக்கவே முடியாது. உங்கள் பங்கையும் சேர்த்துப் பாகப்பிரிவினை வழக்கே போடலாம். ஆனால் தாத்தா சுயமாக வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அப்பாவுக்கு வாரிசாக வந்த நிலம் அவருடைய தனிச்சொத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘தாத்தா நிலம்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி வக்கீலிடம் போகாமல், மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.