பருப்பில் லூசின் போதாதா?

கேள்வி: இரவுச் சாப்பாட்டில் பருப்புக்கறி, சில நாள் சோயாமீட். தசை வளர இது போதுமா, வே புரோட்டீன் வாங்கவேண்டுமா?

புரதத்தின் தரத்தை அளக்கும் தரப் புள்ளி பருப்புக்குக் குறைவு. அதற்குக் காரணம், தசை வளர்ச்சியைத் தூண்டும் அமினோ அமிலமான லூசின் அல்ல. பருப்புப் புரதத்தில் லூசின் சுமார் 7 வீதம், முட்டையில் 8.5, பன்னீரில் 9, வேயில் 10 வீதத்துக்குச் சற்று மேல். புள்ளியை இழுத்து விழுத்துவது மெதியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் பற்றாக்குறை. சோறு அதை ஈடுசெய்யும்.

சிக்கல் அளவில்தான். ஒரு வேளைக்கு 2.5 கிராம் லூசின் என்பது வழமையான இலக்கு. கறியில் ஆளுக்கு 30 கிராம் மைசூர் பருப்பு விழுந்தால் கிடைப்பது அரை கிராம். ஒரு முட்டையும் அவ்வளவுதான். பருப்பால் மட்டும் எட்ட 140 கிராம் உலர் பருப்பு வேண்டும், வயிறு தாங்காது.

50 கிராம் உலர் சோயாமீட் ஏறக்குறைய 2 கிராம் தரும், தரப் புள்ளியும் பருப்பைவிட நன்று. ஊறவைத்த பிறகு நிறுக்காதீர்கள். தண்ணீரின் பாரமும் சேர்ந்துவிடும். அதோடு பருப்புக்கறியும் சோறும் சேர்ந்தால் இலக்கைத் தாண்டிவிடும். சோயாமீட் இல்லாத நாளில் பருப்போடு மூன்று முட்டை, அல்லது 100 கிராம் பன்னீர். பன்னீர் கொழும்பில் விலை கூட, கொழுப்பும் கூட. இப்படிச் சாப்பிட்டால் வே தேவையில்லை.