அம்மாவைக் கேட்காமல் அடமானமா?

“என் கடைக்குச் சரக்கு வாங்கக் கடன் தேவை. ‘தங்களைச் சந்திக்க நேரம் ஒதுக்க வேண்டுகிறேன். எவ்வளவு கடன் கிடைத்தாலும் உதவியாக இருக்கும். வீட்டை அடமானமாகத் தருகிறேன்’ என்று வங்கி மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். வீடு அம்மா பெயரில் இருக்கிறது, அவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். மின்னஞ்சலில் வேறு என்ன சேர்க்க வேண்டும்?”

சேர்ப்பது இருக்கட்டும், முதலில் அந்த அடமான வரியை அழியுங்கள். வீட்டுக்கு உரியவர் சம்மதித்துக் கையெழுத்திடாமல் எந்த வங்கியும் பத்திரத்தை ஏற்காது. பெரும்பாலும் அவரையே ஜாமீன்தாரராகவும் சேர்ப்பார்கள். அதன் பிறகு நீங்கள் தவணை தவறினால் வங்கியின் அறிவிப்பு அவருக்கும் வரும், முடிவில் ஏலத்துக்குப் போவது அவருடைய வீடுதான். பெற்றவள் குடியிருக்கும் வீட்டை அவளுக்குத் தெரியாமல் பேரத்தில் வைப்பது பிள்ளை செய்கிற காரியமா?

உங்கள் தேவைக்கு அந்த வீடு அவசியமா என்பதையும் நீங்கள் யோசிக்கவில்லை. கடன் எந்த வருமானத்திலிருந்து திரும்பி வரும் என்பதைத்தான் மேலாளர் முதலில் பார்ப்பார், அடமானம் அதற்கு அடுத்தது. சில மாதங்களில் விற்றுத் தீரும் சரக்குக்குக் கேட்க வேண்டியது நடைமுறை மூலதனக் கடன். அதற்குக் கடையிலுள்ள சரக்கே முதல் ஈடு. கடையில் 100 பங்கு சரக்கு இருந்து, அதில் 40 பங்குக்கு நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 பங்குதான் உங்களுடையது. அதிலும் கால்வாசியை, அதாவது 15 பங்கை, உங்கள் கைமுதலாகக் கழித்தால், வங்கி தரக்கூடியது ஏறத்தாழ 45 பங்கு. கழிக்கும் விகிதம் வங்கிக்கு வங்கி மாறும், கணக்குப் போடும் முறை இதுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்தான் “எவ்வளவு கிடைத்தாலும்” என்று எழுதுவார், அதை மேலாளர் உடனே கண்டுகொள்வார்.

ஆகவே மின்னஞ்சலில், கடை எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது, எவ்வளவு தொகை எந்தச் சரக்குக்கு வேண்டும், அது விற்றுப் பணமாக எத்தனை மாதம் ஆகும், எந்த இரண்டு நாட்களில் உங்களால் வர முடியும் என்பவற்றை மட்டும் எழுதி, கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் கையிருப்புச் சரக்குப் பட்டியலையும் இணையுங்கள். கல்லாவில் சேரும் ரொக்கத்தைக் கணக்கில் கட்டாமல் அப்படியே வீட்டுக்குச் செலவழிப்பவராக இருந்தால், அந்த அறிக்கையில் உங்கள் விற்பனை பாதிதான் தெரியும். அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

மின்னஞ்சலை அனுப்புமுன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வீடும் வேண்டும் என்று வங்கி கேட்டால், அவரை அழைத்துப்போய், தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை மேலாளரே அவருக்கு விளக்கச் செய்யுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தாமல், சரக்கின் மீது கிடைக்கும் தொகைக்குள் கடையை நடத்துங்கள்.