கூரைக்கடியில் தொங்கும் கம்பளி: யார் பொறுப்பு?

கேள்வி: ஐயா, டர்பன் பீனிக்ஸில் எங்களுக்கு மசாலா அரைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. 2023 அக்டோபரில் கூரைத் தகடு மாற்றி, அதன்கீழ், தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின்மேல் வெள்ளை உறை ஒட்டிய 75 மி.மீ. கண்ணாடிக் கம்பளி விரித்தார்கள். வேலை 3,60,000 ராண்டு. 36,000 பாக்கி வைத்திருக்கிறோம். சென்ற குளிர்காலத்தில் இணைப்பு டேப்புகள் உரிந்து, கம்பளி வயிறு மாதிரித் தொங்கி, அரைவை இயந்திரத்தின்மேல் நீர் சொட்டியது. ஒப்பந்தக்காரர், "நீங்கள் ஆவி விடுகிறீர்கள், உங்கள் தப்பு. 12 மாத உத்தரவாதமும் முடிந்துவிட்டது" என்கிறார். பாக்கியைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், கூரையில் கை வைக்காதீர்கள். கோபத்தில் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு வழக்காடுவதுதான் எனக்குச் சிரமம். சாட்சி குப்பை லாரியில் போயிருக்கும்.

ஆவி வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளை உறைதான் ஈரக்காற்றைத் தடுக்கும் திரை. கம்பளி தடுக்காது. உறையின் இணைப்பு திறந்தால் ஈரக்காற்று மேலேறி, இரவில் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து, கம்பளிக்குள் இறங்கும். நனைந்த கம்பளி கனத்துத் தொங்கும், தொங்கும்போது அடுத்த டேப்பையும் இழுக்கும். ஆனால் அந்த ஈரத்தைத் தாங்கத்தானே இணைப்பு? மசாலா ஆலைக்கு என்று தெரிந்து விலைப்புள்ளி கொடுத்தவர், ஆவி வந்தது என்று பின்னால் சொல்லித் தப்புவது கடினம். ஆவி விடும் கொதிகலனை நீங்கள் கூரை வேலைக்குப் பிற்பாடு வைத்திருந்தால் மட்டும் உங்கள் பக்கம் பலவீனமாகும். அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

ஒப்பந்தக்காரருக்குத் தேதி குறித்து எழுதி, அவர் வந்தாலும் வராவிட்டாலும், சார்பற்ற ஒரு பொறியாளரை வைத்து மூன்று இடங்களில் தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள். தொங்கும் இடம் இரண்டு, நன்றாக இருக்கும் இடம் ஒன்று. உங்கள் ஆட்களை ஏற்ற வேண்டாம். உயரத்தில் விழுந்தால் அது வேறு வழக்கு. பொறியாளர் பார்க்க வேண்டியவை: பர்லின்களுக்கு இடையே கம்பளியைத் தாங்கும் கம்பி இழுத்திருக்கிறதா? பக்கத்துப் பட்டைகளின் உறை ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்த்து மடித்து ஸ்டேப்பிள் அடிக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது டேப் மட்டும்தானா? உரிந்த டேப்பின் பசைப்பக்கத்தில் தூசியோ கண்ணாடி நாரோ ஒட்டியிருந்தால், அழுக்கு உறையின்மேல் ஒட்டியது என்பதற்கு அதுவே சான்று. அந்த டேப் துண்டை ஒரு பையில் போட்டு, இடத்தையும் தேதியையும் எழுதிவைக்கட்டும். ஈரம் இணைப்பு நெடுக இருந்தால் ஆவி, திருகுத் துளைகளைச் சுற்றி இருந்தால் தகட்டு ஒழுக்கு. இரண்டுமே அவர் வேலைதான், ஆனால் குற்றச்சாட்டு வேறு.

பர்லின்மேல் கம்பளி நசுங்கி மெலிந்திருக்கும். அது எல்லா இடத்திலும் அப்படித்தான். அதைக் குறையாகச் சேர்த்தால் எதிர்த்தரப்பு உங்கள் பட்டியல் முழுவதையும் சிரித்தே கொன்றுவிடும்.

இனி பணம். பி.கே. டூலிங் வழக்கில் 1979இல் தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: வேலையில் குறை இருந்தால் முழு விலையைக் கேட்க முடியாது, நீங்கள் அந்த வேலையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சரிசெய்யும் செலவைக் கழித்து மீதியைத் தரும்படி நீதிமன்றம் தீர்க்கலாம். உதாரணமாக, சரிசெய்ய 92,000 ராண்டு ஆகும் என்று நியாயமான விலைப்புள்ளி கிடைத்தால், அவர் வேலையின் மதிப்பு 2,68,000. நீங்கள் கொடுத்தது 3,24,000. பாக்கி 36,000 போக, அவர்தான் உங்களுக்கு 56,000 தர வேண்டும். 2,00,000 ராண்டுக்குள் என்பதால் மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போதும். நிறுவனம் என்பதால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் நீங்கள் வழக்குப் போட முடியாது.

12 மாத உத்தரவாதம் முடிந்தாலும், அதற்குப் பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாதவரை, பொதுவாக ஒப்பந்த மீறலுக்கான உரிமை அதோடு போகாது. விலைப்புள்ளியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். வழக்குப் போடக் காலாவதிச் சட்டம் தரும் மூன்று ஆண்டுதான் உண்மையான எல்லை. குறையை நீங்கள் அறிந்த நாளிலிருந்து அது ஓடும். கவனமாக இருந்திருந்தால் அறிந்திருக்கலாம் என்றாலும் ஓடும். தாங்கு கம்பி இல்லாததை ஒப்படைத்த அன்றே ஏணியில் ஏறிப் பார்த்திருக்கலாமே என்று அவர் வாதிடுவார். ஆகவே வேலையை ஒப்படைத்து மூன்று ஆண்டு நிறையும் 2026 அக்டோபர் தேதியைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் கடிதம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. சம்மன் அவர் கையில் சேர வேண்டும், அல்லது அவர் தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். "வந்து சரிசெய்து தருகிறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள். அது ஒப்புதலாகுமா என்பதை வக்கீல் பார்க்கட்டும்.